வட்ட முகம், உள்வாங்கிய முகவாய்: தாடியைக் கழுத்தில் எங்கே முடிப்பது?

"அண்ணே, யாங்கூனில் இருக்கிறேன். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படம் போட்டிருக்கிறேன். தாடி வைத்த பிறகு முகம் முன்னைவிட உருண்டையாகத் தெரிகிறது, ரெட்டைத் தாடை விழுந்த மாதிரி வேறு இருக்கிறது. எனக்கு அவ்வளவு உடம்பே கிடையாது. மூன்று வாரத்தில் தங்கச்சி கல்யாணம். எப்படி வெட்டினால் சரியாக இருக்கும்?"

கழுத்துக் கோட்டை ரொம்ப மேலே ஏற்றிவிட்டார்கள் தம்பி, முக்கால்வாசிக் காரணம் அதுதான். பக்கவாட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். காது மடலுக்குக் கீழே ஆரம்பித்து முகவாய் நுனி வரைக்கும் தாடை எலும்பின் விளிம்பை ஒட்டியே பிளேடு போயிருக்கிறது, எலும்புக்குக் கீழே ஒரு முடி கிடையாது. சுத்தமாக இருக்கும் என்று நினைத்து நிறையப் பேர் இப்படித்தான் எடுக்கிறார்கள். சில சலூன்களில் கேட்காமலே எடுத்துவிடுகிறார்கள். கண்ணாடி முன்னால் கழுத்தை நீட்டி நிமிர்ந்து நிற்கும்போது அது நன்றாகத்தான் தெரியும். ஆனால் கொஞ்சம் குனிந்தாலோ சிரித்தாலோ தோல் எலும்பின் மேல் நகரும், அப்போது கோடு விளிம்பைவிட்டு மேலே ஏறிக் கன்னத்துக்கே வந்துவிடும். கறுப்பாக இருக்கும் தாடி அங்கே சட்டென்று முடிந்து, அதற்குக் கீழே வெறும் சதை மட்டும் தெரிவதால் பார்க்கிறவர் கண் அந்தச் சதையை இரண்டாவது தாடையாக எடுத்துக்கொள்கிறது. உங்களுக்கு அங்கே அப்படி ஒன்றும் சதை இல்லை. எலும்புக்குக் கீழே நிழல் மாதிரி இருந்து தாடையைத் தனியாகக் காட்ட வேண்டிய முடி போய்விட்டது, அவ்வளவுதான்.

சரி, கோடு எங்கே வர வேண்டும்? கண்ணாடியைக் கண் உயரத்தில் வைத்து, தலையைத் தூக்காமல் தாழ்த்தாமல் நேராகப் பாருங்கள். எச்சில் விழுங்கினால் மேலும் கீழும் போகிறதே, தொண்டையில் அந்த மேடு, அதற்கு மேலே இரண்டு விரலைப் படுக்கவைத்து, மேல் விரலின் மேல் விளிம்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். பொதுவாக எல்லோருக்கும் சொல்லும் இடம் அதுதான். உங்களுக்கு நான் இன்னொன்றையும் பார்க்கச் சொல்வேன். லேசாகக் குனிந்து, முகவாய்க்கு அடியில் இருக்கும் தளமும் கழுத்தும் சேருகிற மடிப்பை விரலால் தொட்டுக் கண்டுபிடியுங்கள். முகவாய் உள்வாங்கியவர்களுக்கு அந்த அடித்தளம் குட்டையாக இருக்கும், அதனால் இரண்டு விரல் கணக்கும் மடிப்பும் ஒரே இடத்தில் வராமல் போகலாம். வராவிட்டால் மடிப்பைத்தான் நம்ப வேண்டும். கோடு மடிப்பைத் தாண்டி இறங்கினால் கழுத்தில் தாடி வளர்த்த மாதிரி ஆகிவிடும்.

நடுவில் அந்தப் புள்ளியைக் குறித்துவிட்டு, இரண்டு பக்கமும் தாடை மூலைக்குப் பின்னால், காது மடலை நோக்கி வளைவாகக் கொண்டுபோக வேண்டும். மூலையில் முக்கோணமாகக் குத்தி வெட்டாதீர்கள். கீழ் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு முடியை 3 மில்லிமீட்டரில் விட்டு, அதற்கு மேலே 6 ஆக்கினால் கோடு போட்ட மாதிரி தெரியாமல் தோலோடு கலந்துவிடும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடியில் நேராகப் பார்த்தாலே போதும். கழுத்துக் கோடு முன்னாலிருந்து தெரியவே கூடாது, தெரிந்தால் துளி மேலே ஏற்றுங்கள். அப்புறம் குனிந்து பாருங்கள், எலும்பு விளிம்புக்குக் கீழே முடி இருந்துகொண்டே இருக்க வேண்டும். கல்யாணத்தில் தங்கச்சி கையில் பொரி போடும்போது நீங்கள் குனிந்துதான் நிற்பீர்கள், படம் எடுப்பவரும் அந்த நேரம் பார்த்துத்தான் எடுப்பார்.

அடுத்தது முகவாய். பக்கவாட்டுப் படத்தில் கீழுதட்டிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். முகவாய் அந்தக் கோட்டுக்கு முக்கால் விரல் அகலம் பின்னால் நிற்கிறது. அந்த இடைவெளியைத் தாடியால் நிரப்ப முடியும், ஆனால் இப்போது உங்கள் தாடி முகம் முழுக்க ஒரே நீளத்தில், ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் இருக்கிறது. கன்னத்துக்கும் அதே கனம், முகவாய்க்கும் அதே கனம் என்றால் உருண்டை முகம் உருண்டையாகவேதான் பெரிதாகும். பக்கத்தில் குறைத்து முன்னால் விட வேண்டும். காதுக்கு முன்னால் கிருதாவில் 3 மில்லிமீட்டர், அதாவது பெரும்பாலான கிளிப்பரில் 1 நம்பர் சீப்பு. கன்னத்திலும் தாடை மூலையிலும் 6, அது 2 நம்பர். முகவாயில் மட்டும் 13, அது 4 நம்பர். நடுவில் வாய் ஓரத்துக்கு நேர் கீழே 3 நம்பரை வைத்து 10 மில்லிமீட்டரில் ஒரு பட்டை ஓட்டினால் 6-க்கும் 13-க்கும் இடையில் படி தெரியாது. சிலர் கையில் இருக்கும் ட்ரிம்மரில் நம்பருக்குப் பதிலாக மில்லிமீட்டரே போட்டிருக்கும், அப்போது நம்பரை மறந்துவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள்.

முகவாய் அடியில் கூராக முடிக்க வேண்டாம். கூர் வைத்தால் குட்டை முகவாய் இன்னும் ஒடுங்கிவிடும். முன்னாலிருந்து பார்த்தால் அடி விளிம்பு இரண்டு வாய் ஓரங்களுக்கு நடுவில் உள்ள அகலத்துக்கு ஏறக்குறையத் தட்டையாக இருந்து, இரண்டு ஓரத்திலும் மெதுவாக மேலே ஏறட்டும். இன்னும் நீளமாக விட்டால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இல்லை தம்பி. உங்கள் முடி கொஞ்சம் சுருட்டை. 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் அது முன்னால் நிற்காமல் கீழே தொங்கி உள்பக்கம் வளையும், பக்கவாட்டில் பார்க்கும்போது முகவாய் மறுபடி பின்னால் போய்விடும். முகவாய்க்கு அடியில் இருக்கும் முடியையும் ஒட்ட எடுக்காதீர்கள், முன்பக்கத்து முடியைத் தாங்கி நிறுத்துவதே அதுதான்.

நேர்ப் படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது கையை நீட்டி முன்பக்கக் கேமராவில் எடுத்தது, உங்களுக்குப் பின்னால் சுவரில் தொங்கும் காலண்டரில் பர்மிய எழுத்தெல்லாம் திரும்பித் தெரிகிறது. அப்படியென்றால் படத்தில் இடமாகத் தெரிவது உங்கள் இடது கன்னம்தான், கண்ணாடியில் பார்ப்பது மாதிரியே. அந்தப் பக்கம் கன்னக் கோடு மற்றதைவிட நல்ல இறக்கத்தில் வளைந்து கிடக்கிறது. கிட்டத்திலிருந்து எடுக்கும் படத்தில் மூக்கு பெரிதாகவும் காதும் தாடை மூலையும் சின்னதாகவும் தெரியும், அதனால் நேர்ப் படத்தை வைத்து உங்கள் தாடை அகலத்தை நான் கணக்குப் பண்ணவில்லை. முடிந்தால் யாரையாவது இரண்டு மீட்டர் தள்ளி நின்று, உங்கள் முக உயரத்தில் கேமராவைப் பிடித்து, லேசாக ஸூம் பண்ணி எடுக்கச் சொல்லுங்கள். நேராக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று.

கன்னக் கோடு எப்படி ஏறுமாறாகப் போயிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. காதை அளவாக வைத்துக்கொண்டு வெட்டினால் அப்படித்தான் ஆகும், ஏனென்றால் நிறையப் பேருக்கு இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. வாய் ஓரத்தை அளவாக வையுங்கள். கிருதாவின் முன் ஓரத்திலிருந்து மீசை நுனிக்கு ஒரு சீப்பைச் சாய்த்து வைத்து, அந்தக் கோட்டுக்கு மேலே தனியாக முளைத்திருக்கும் முடியை மட்டும் எடுத்தால் போதும். வலது பக்கத்தில் இயற்கையாகவே அந்தக் கோடு இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். இடது பக்கத்தை வளரவிட்டு வலதுக்குக் கொண்டுவர வேண்டும். கீழே இருக்கிற கோட்டுக்குச் சமமாக நல்ல கோட்டையும் இறக்கினால் கன்னம் வெறுமையாகி முகம் இன்னும் அகலமாகும்.

மூன்று வாரம் என்பது சரியாகப் பொருந்துகிற காலம்தான். தாடி மாதத்துக்கு 1 சென்டிமீட்டர் அளவில் வளரும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்பின் இருக்கும். இன்றையிலிருந்து கழுத்தைத் தொடாமல் விட்டால் கல்யாணத்துக்குள் அங்கே 6, 7 மில்லிமீட்டர் வந்துவிடும், நமக்கு வேண்டியதும் 6 தான். முதல் பத்து நாள் அசிங்கமாகத்தான் இருக்கும், இந்த வேர்வையில் அரிக்கவும் செய்யும். பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் ஆனதும் கழுத்துக் கோட்டை மட்டும், மேலே சொன்ன இடத்திலிருந்து அரை விரல் கீழேயே தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அந்தக் கோட்டைச் சரியான இடத்துக்கு ஏற்றி, மற்றதையெல்லாம் வெட்டுங்கள். முதல் நாள் ராத்திரி வேண்டாம், பிளேடு பட்ட இடம் சிவந்திருந்தால் அடங்குவதற்கு நேரம் வேண்டும்.

வீட்டிலேயே செய்வதென்றால் தாடியைக் கழுவிக் காயவைத்து, வளர்ந்த பக்கமாகச் சீவிவிட்டு வெட்டுங்கள். ஈர முடி நீண்டு படிந்து கிடக்கும், காய்ந்ததும் சுருண்டு நீங்கள் நினைத்ததைவிடக் குட்டையாகிவிடும். முடி சாய்ந்திருக்கும் பக்கமாகவே ட்ரிம்மரை ஓட்டுங்கள், எதிர்ப்பக்கமாக ஓட்டினால் அதே சீப்பு இன்னும் ஒட்ட வெட்டும். எப்போதும் ஒரு நம்பர் பெரிய சீப்பில் ஆரம்பித்து இறங்குங்கள். நம் ஊரில் கரண்ட் நிலைமை தெரியும், சார்ஜ் குறைந்த ட்ரிம்மர் வெட்டாமல் முடியைப் பிடித்து இழுக்கும், அதனால் முழு சார்ஜ் ஏறிய பிறகே கையில் எடுங்கள்.

பக்கவாட்டுப் படத்தில் கழுத்தில் நாலைந்து சின்னச் சிவப்புக் கொப்புளம் தெரிகிறது. சுருட்டை முடியைத் தோலை இழுத்துப் பிடித்து எதிர்ப்பக்கமாக ஒட்டச் சிரைத்தால் முனை திரும்பித் தோலுக்குள்ளேயே குத்தி இப்படி வரும். வளரவிட்டால் பெரும்பாலும் தானாக அடங்கும். கோட்டுக்குக் கீழே சுத்தம் பண்ணும்போது தோலை இழுக்காமல், முடி போகும் பக்கமாகவே, புது பிளேடில் ஒரே தடவை ஓட்டுங்கள். இடது கன்னத்தில் முடி கொஞ்சம் ஐதாகத் தெரிவது வெளிச்சத்தாலும் இருக்கலாம். விரலால் தடவிப் பாருங்கள், மெல்லிய முடி தட்டுப்பட்டால் கவலையில்லை. காசு அளவில் வட்டமாக, வழவழவென்று முடியே இல்லாமல் இருந்தால் அது வெட்டிச் சரிபண்ணுகிற விஷயம் இல்லை, தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சலூனுக்குப் போவதாக இருந்தால் நாற்காலியைச் சாய்ப்பதற்கு முன்னாலேயே, நேராக உட்கார்ந்தபடி, கழுத்துக் கோட்டின் இடத்தை விரலால் தொட்டுக் காட்டிவிடுங்கள். சாய்த்துத் தலையைப் பின்னால் தள்ளினால் கழுத்துத் தோல் இழுபட்டு அந்த மடிப்பே காணாமல் போய்விடும், அப்புறம் அவரும் கண்ணுக்குத் தெரிகிற தாடை எலும்பைப் பார்த்துத்தான் பிளேடு வைப்பார்.