கிளையன்ட் ஆபீஸ்ல உட்காரப் போற எல்-1பி: கையெழுத்துக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?

கேள்வி: அண்ணா, இந்தக் கம்பெனில சேர்ந்து 14 மாசம் ஆகுது. நடுவுல ரெண்டு தடவை பிசினஸ் விசால அமெரிக்கா போய் மொத்தம் 82 நாள் இருந்துட்டு வந்தேன். இப்போ அங்க இருக்குற எங்க ஆபீசுக்கே எல்-1பி-ல அனுப்புறோம், அடுத்த வாரம் பெட்டிஷன் போட்டுடலாம்னு சொல்றாங்க. ஆனா உட்காரப் போறது கிளையன்ட் ஆபீஸ்லயாம். மனைவியும் ஐடி தான். போனப்புறம் வேற கம்பெனிக்கு மாற முடியுமா? எதையெல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போடணும்?

பதில்: தம்பி, அடுத்த வாரம் போடுறதை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க, ஏன்னா உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் முடியல. கம்பெனியோட வெளிநாட்டு ஆபீஸ்ல, அதாவது அமெரிக்காவுக்கு வெளியே, கடைசி 3 வருஷத்துக்குள்ள தொடர்ந்து ஒரு வருஷம் முழுநேரமா வேலை பார்த்திருக்கணும்ங்கிறது எல்-1-ஓட அடிப்படை நிபந்தனை. நடுவுல பிசினஸ் விசால போயிட்டு வந்தா அந்தத் "தொடர்ச்சி" உடையாது, அதுல பயம் வேண்டாம். ஆனா அங்க இருந்த நாள் அந்த ஒரு வருஷக் கணக்குல சேரவும் சேராது. 14 மாசம்னா கிட்டத்தட்ட 426 நாள், அதுல 82 போனா 344, ஆக இன்னும் மூணு வாரம் குறையுது. பெட்டிஷன் போடுற அன்னிக்கே இந்த ஒரு வருஷம் முடிஞ்சிருக்கணும், விசாரணை நடக்குறதுக்குள்ள முடிஞ்சிடும்ல அப்படின்னு சமாளிக்க முடியாது. எச்ஆர் சேர்ந்த தேதியை மட்டும் பார்த்து 14 மாசம் ஆச்சுன்னு டிக் போட்டிருப்பாங்க, உங்க பயணம் எல்லாம் அவங்க சிஸ்டம்ல வேற எங்கேயோ கிடக்கும். பாஸ்போர்ட் ஸ்டாம்ப்பைப் பார்த்து போன தேதி, வந்த தேதி எல்லாம் நீங்களே எழுதி அவங்க வக்கீலுக்கு மெயில்ல அனுப்புங்க. ஒரு மாசம் தள்ளிப் போட்டா தீந்துது, இதுக்காக ஒரு ரிஜெக்‌ஷன் வாங்கி வெச்சுக்க வேண்டாம்.

இப்போ கிளையன்ட் ஆபீஸ் விஷயம், எனக்கு உங்க லெட்டர்ல நிஜமாவே கவலை தந்த வரி அதுதான். எல்-1பி-ங்கிறது "ஸ்பெஷலைஸ்டு நாலெட்ஜ்" இருக்குறவங்களுக்கு, அதாவது உங்க கம்பெனியோட சொந்த ப்ராடக்ட், டூல், முறை இதுல மத்தவங்ககிட்ட சாதாரணமா கிடைக்காத அறிவு உங்களுக்கு இருக்கணும். எட்டு வருஷ ஜாவா அனுபவம் எவ்வளவு நல்லா இருந்தாலும் அது இதுல வராது, ஜாவா தெரிஞ்சவங்க அங்கேயே நிறைய பேர் இருக்காங்க. இதுக்கு மேல 2004-ல ஒரு சட்டத் திருத்தம் கொண்டு வந்தாங்க, எல்-1பி-ல வர்றவர் பெரும்பாலும் வேற கம்பெனி இடத்துல உட்கார்ந்து வேலை பார்த்தா ரெண்டு விஷயம் பார்ப்பாங்க. ஒண்ணு, அவரை வேலை வாங்குறது யாரு, கிளையன்ட் மேனேஜர்னா விசா கிடையாது. ரெண்டாவது, அவர் அங்க இருக்குறது உங்க கம்பெனியோட தனிப்பட்ட அறிவு தேவைப்படுறதாலயா, இல்ல வெறும் ஆள் சப்ளையா, ஆள் சப்ளைன்னா அதுக்கும் கிடையாது. ரெண்டையும் தாண்டணும், ஒண்ணு போனாலும் போச்சு.

நான் கம்பெனிகள்ல மொபிலிட்டி டீம்ல ரொம்ப வருஷம் இருந்தவன், இந்த இடத்துல விழுந்தவங்களை நேரா பார்த்திருக்கேன். ஒரு பையன், பேப்பர் எல்லாம் பக்காவா இருந்துச்சு, இன்டர்வியூல ஆபீசர் ரொம்ப சாதாரணமா, அங்க போனதும் உங்களுக்கு லீவு வேணும்னா யார்கிட்ட கேப்பீங்கன்னு கேட்டாரு. இவன் யோசிக்காம கிளையன்ட் மேனேஜர் பேரைச் சொல்லிட்டான். உண்மையைத்தான் சொன்னான், நிலவரமே அப்படித்தான் இருந்துச்சு. அதோட முடிஞ்சுது. தப்பு அவன் மேல இல்ல, லீவை கிளையன்ட் அப்ரூவ் பண்ற மாதிரி ஒரு வேலையை எல்-1பி-ல போட்ட எங்க டீம் மேலதான்.

அதனால நீங்க கிளம்புறதுக்கு முன்னாடி இதையெல்லாம் உங்க மேனேஜர்கிட்ட நேரா கேளுங்க. அங்க தினமும் டாஸ்க் ஒதுக்கப் போறது யாரு, உங்க அப்ரைசல் எழுதப் போறது யாரு, கிளையன்ட்டோட போட்ட ஒப்பந்தத்துல ஒரு வேலையை முடிச்சுத் தர்றோம்னு இருக்கா, இல்ல இத்தனை ஆளு, மணிக்கு இவ்வளவுன்னு இருக்கா. கடைசியா சொன்ன மாதிரி இருந்தா அது ஆள் சப்ளை தான், எந்த லெட்டராலயும் அதை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது, பொய்யான விவரத்துல விசா வாங்கினதா அவங்க முடிவு பண்ணிட்டா அது உங்க பேர்லதான் நிக்கும், கம்பெனி பேர்ல இல்ல.

வேலை நிஜமாவே உங்க கம்பெனி ப்ராடக்டைச் சுத்தி இருக்குன்னா, சப்போர்ட் லெட்டரை கையெழுத்துக்கு முன்னாடி வாங்கி ஒருதடவை முழுசா படிங்க. "அப்ளிகேஷன் டெவலப்மென்ட், டெஸ்டிங், டீம் கோஆர்டினேஷன்" அப்படின்னு இருந்தா அது யாருக்கு வேணா பொருந்தும், திருப்பி அனுப்புங்க. எப்படி இருக்கணும்னா, உங்க கம்பெனி சொந்தமா எழுதின பில்லிங் இன்ஜின்ல வரி கணக்கு மாட்யூல் உங்க டீம் செஞ்சது, அதுல நீங்க இன்ன பாகத்தை எழுதினீங்க, இதைப் புதுசா ஒருத்தர் கத்துக்க இத்தனை மாசம் ஆகும், ஏன் அவ்வளவு ஆகும், அந்தக் கிளையன்ட் இடத்துல இதை இன்ஸ்டால் பண்ண நீங்க ஏன் தேவை, இப்படி. கத்துக்க எவ்வளவு நாள் ஆகும்ங்கிற கேள்வி இன்டர்வியூலயும் அடிக்கடி வரும், லெட்டர்ல ஒண்ணும் உங்க வாயில ஒண்ணும் வரக்கூடாது. இன்னொண்ணு, பெரிய கம்பெனின்னா "பிளாங்கெட்" முறையில போவாங்க, அதுல உங்க கேஸை தூதரகத்துல இருக்குற ஆபீசரே அந்த கவுண்டர்லயே பார்த்து முடிவு பண்ணிடுவாரு, தெளிவா தெரியலைன்னா மறுத்துடுவாரு. கிளையன்ட் இடத்துல உட்கார்ற உங்களை மாதிரி கேஸுக்கு தனியா பெட்டிஷன் போட்டு, விளக்கம், ஆதாரம் எல்லாம் வெச்சு அப்ரூவல் வாங்கிட்டு போறதுதான் நல்லதுன்னு நான் சொல்லுவேன், நாள் கூட ஆகும், ஆகட்டும்.

வேற கம்பெனிக்கு மாறுற கேள்வி. எல்-1-ல முடியாது. இது உங்க கம்பெனி குழுமத்துக்குள்ள மட்டும் செல்லும், வேற கம்பெனிக்குப் போகணும்னா எச்-1பி மாதிரி வேற விசா வேணும், அதுக்கு குலுக்கல் இருக்கு, மார்ச்ல பேர் குடுத்து அக்டோபர் 1-லதான் ஆரம்பிக்கலாம். வேலை போயிட்டா அங்க அதிகபட்சம் 60 நாள் இருக்கலாம், அதுக்கு முன்னாடியே எந்தத் தேதி வரை தங்கலாம்னு காட்டுற ஐ-94 பதிவு முடிஞ்சா அந்தத் தேதி வரைக்கும்தான்.

நிறைய பேர் கவனிக்காம விடுற இடம் வருஷக் கணக்கு. எல்-1பி-க்கு மொத்தமே 5 வருஷம், முதல்ல 3, அப்புறம் நீட்டிச்சா 2. அஞ்சு முடிஞ்சா கிரீன் கார்டு பாதி வழியில இருக்குங்கிறதுக்காக எல்லாம் நீட்டிக்க மாட்டாங்க. எச்-1பி-க்கு 6 வருஷம், நீங்க எல்-1-ல இருந்த காலமும் அந்த ஆறுலதான் கழியும், ஆனா ஆறு முடியறதுக்கு 365 நாளுக்கு முன்னாடியே கிரீன் கார்டோட முதல் படியான பெர்ம் போட்டிருந்தா அதுக்கு மேலயும் நீட்டிப்பு கிடைக்கும். இந்தியாவுல பிறந்தவங்களுக்கு கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம்னு உங்களுக்கே தெரியும், அதனால இந்த ஒரு வித்தியாசம்தான் அங்க தங்குறதா திரும்புறதான்னு முடிவு பண்ணும். அங்க போன முதல் மார்ச்லேர்ந்தே வருஷா வருஷம் எச்-1பி குலுக்கல்ல பேர் குடுப்பீங்களா, பெர்ம் எந்த வருஷம் ஆரம்பிப்பீங்கன்னு இப்பவே மெயில்ல கேட்டு வாங்கிடுங்க. இங்க இருக்கும்போது உங்க பேச்சுக்கு இருக்குற மதிப்பு அங்க போனப்புறம் இருக்காது.

மேனேஜரா ப்ரமோஷன் குடுத்து எல்-1ஏ-க்கு மாத்திடுவோம், அதுல 7 வருஷம்னு யாராவது சொல்லலாம். அது உண்மைதான், ஆனா மாறும்போதே புது பெட்டிஷன் போட்டு அப்ரூவ் ஆகியிருக்கணும், அந்தப் பதவில 6 மாசமாவது வேலை பார்த்திருக்கணும். அதுவுமில்லாம எல்-1ஏ காரங்க சீக்கிரமா கிரீன் கார்டுக்குப் போற அந்த மேனேஜர் வழிக்கு, வெளிநாட்டு ஆபீஸ்ல இருந்தப்பவே ஒரு வருஷம் மேனேஜரா இருந்திருக்கணும். நீங்க இங்க இன்ஜினியர், அதனால அது உங்களுக்கு ஒத்து வராது.

சம்பளத்துல ஒண்ணு மட்டும். எச்-1பி மாதிரி இந்த வேலைக்கு இந்த ஊர்ல இவ்வளவு குடுத்தே ஆகணும்ங்கிற விதி எல்-1-ல கிடையாது. பேசி வாங்குறதுதான் சம்பளம், அதனால இங்கத்த சம்பளம் பிளஸ் தினப்படின்னு சொன்னா ஒத்துக்காதீங்க, அமெரிக்க பேரோல், ஹெல்த் இன்சூரன்ஸ்ல உங்க பங்கு எவ்வளவு, நடுவுல திருப்பி அனுப்பினா டிக்கெட்டும் வீட்டு வாடகை ஒப்பந்தத்தை உடைக்கிற காசும் யார் தருவாங்க, எல்லாம் ஆஃபர் லெட்டர்லயே இருக்கணும்.

மேல சொன்ன அந்த 5 வருஷ, 6 வருஷக் கணக்குல, அமெரிக்காவை விட்டு வெளியே இருந்த முழு நாட்களை திரும்ப கேட்டு வாங்கலாம், அதனால லீவுக்கு வர்ற ஒவ்வொரு தடவையும் போர்டிங் பாஸை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ஒரு மாசம், ரெண்டு மாசம்னு சேர்ந்து கடைசில ஒரு நீட்டிப்பு அளவுக்கே வந்து நின்னவங்க இருக்காங்க.

உங்க மனைவிக்கு நல்ல செய்தி. எல்-2-ல வர்ற கணவனோ மனைவியோ தனியா வேலை பெர்மிட் வாங்காமலே வேலை பார்க்கலாம், 2021 நவம்பர்லேர்ந்து அப்படித்தான், எந்தக் கம்பெனியா இருந்தாலும் சரி. ஆனா அவங்க ஐ-94-ல `L-2S`-ன்னு இருக்கணும். ஏர்போர்ட்ல அவசரத்துல வெறும் `L-2`-ன்னு போட்டுடறது உண்டு, அதைக் காட்டினா புது கம்பெனி வேலைல சேர்த்துக்காது. இறங்கின மறுநாளே இணையத்துல ஐ-94 எடுத்துப் பாருங்க, தப்பா இருந்தா கல்யாண சர்ட்டிபிகேட்டோட பக்கத்துல இருக்குற கஸ்டம்ஸ் அண்ட் பார்டர் ஆபீசுக்கு எழுதி திருத்தி வாங்கிட்டு அப்புறம் அவங்க வேலை தேட ஆரம்பிக்கட்டும்.