ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவசர எண்ணை எப்படிச் சொல்லித் தருவது?

"மகளுக்கு 5 வயது. 108-ஐ மனப்பாடமாகச் சொல்கிறாள், போனில் அழுத்தத் தெரியவில்லை. என்ன செய்யலாம்? (முட்டம், கன்னியாகுமரி மாவட்டம்)"

'நூற்றி எட்டு' என்று சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். அதுதான் சிக்கல். நூறுக்கு 100, பக்கத்தில் 8 என்று 1008-ஐ அழுத்துகிற பிள்ளைகள் உண்டு. என் மகனும் அப்படித்தான். எண்ணாகச் சொல்லாமல் இலக்கமாகச் சொல்லுங்கள்.

முதலில் 112 மட்டும் போதும்: "ஒன்று, ஒன்று, இரண்டு". போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் அதுவே. 108-உம், குழந்தைகள் உதவிக்கான 1098-உம் அப்புறம்.

பழக்கத்துக்கு கால்குலேட்டர் வேண்டாம், அதில் 7, 8, 9 மேல் வரிசையில் இருக்கும். அட்டையில் போன் பட்டன்களை வரைந்து, பச்சை பட்டன் வரை தொடச் சொல்லுங்கள். நிஜப் போனில் பூட்டுத் திரையிலுள்ள அவசர அழைப்பு பட்டனை மட்டும் காட்டினால் போதும். பாஸ்வேர்டு தேவையில்லை, ஆனால் சோதிக்கிறேன் என்று அழைத்துவிடாதீர்கள்.

எண்ணைவிடக் கஷ்டம் இடம் சொல்வது. "எங்க வீடு" என்றால் யாருக்குத் தெரியும்? "முட்டம், குருசடிக்குப் பக்கத்து வீடு, அம்மா விழுந்துட்டாங்க" என்ற வரிசையில், நீங்கள் அதிகாரியாக நடித்துக் கேளுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்கக் கூடாது என்பதையும் நடிப்பிலேயே பழக்குங்கள்.