வாட்ஸ்அப்பில் வந்த கிரேடு அட்டவணையை எக்செலில் ஃபார்முலா ஆக்குவது எப்படி?

*"உசிலம்பட்டி பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். கிரேடு அட்டவணையை ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவாக அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்து IF ஃபார்முலா எழுதினேன். கிரேடு வர வேண்டிய கட்டத்தில் சில பிள்ளைகளுக்கு அவர்கள் பெயரே வருகிறது, சிலருக்கு #NAME? என்று வருகிறது. 42 பேருக்குக் கையால் போட நேரமில்லை. போட்டோவில் உள்ளதை எப்படி ஃபார்முலா ஆக்குவது?"*

பெயர் வருவதற்குக் காரணம் இந்த கிரேடுகளின் பெயர்களேதான். A1, B2, C1 எல்லாம் நமக்கு கிரேடு, எக்செலுக்கோ கட்டத்தின் முகவரி. மேற்கோள் குறி இல்லாமல் B2 என்று எழுதினால், B2 கட்டத்தில் இருப்பதை எடுத்து வந்து வைக்கும். உங்கள் ஷீட்டில் B பத்தியில் பெயர்கள் இருக்கின்றன போலும். ஃபார்முலாவைக் கீழே இழுக்க இழுக்க B2 என்பது B3, B4 என்று மாறும், அதனால் 61 முதல் 70 வரை வாங்கிய ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரே வந்து நிற்கிறது. D என்று ஒரு கட்டம் கிடையாது, அதனால் அங்கே #NAME?.

"B2" என்று மேற்கோள் போட்டால் இது சரியாகிவிடும். ஆனாலும் IF வேண்டாம் என்பேன். ஒன்பது கிரேடுக்கு எட்டு IF ஒன்றுக்குள் ஒன்றாகப் போக வேண்டும், நடுவில் ஒரு எண் தப்பினால் கண்டுபிடிப்பது பெரும்பாடு. அட்டவணையை ஷீட்டிலேயே ஓரமாக வைத்துவிட்டு VLOOKUP-ஐ அதில் தேடச் சொல்வதுதான் நல்லது.

நம் பள்ளிகளில் புழங்கும் அட்டவணை 91–100 A1, 81–90 A2 என்று மேலிருந்து இறங்கி, 33–40 D, 21–32 E1, 0–20 E2 என்று முடியும். உங்கள் போட்டோவிலும் இதுதான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். போட்டோவிலிருந்து எழுத்தை எடுக்கும் வசதி போனிலேயே இருக்கிறது. ஆனால் ஒன்பது வரிக்கு அது வேண்டாம். E1 என்பதை El என்று படித்துவிடும், எண்களும் சில நேரம் எழுத்தாகவே வந்து உட்காரும். கையால் அடித்தால் இரண்டு நிமிடம்.

அடிக்கும்போது இரண்டு விஷயம். ஒன்று, ஒவ்வொரு வரியிலும் கீழ் எல்லை மட்டும் போதும். 71–80 என்பதற்கு 71 மட்டும். மேல் எல்லையை அடுத்த வரி தானாகவே சொல்லிவிடும். இரண்டு, போட்டோவில் பெரியது மேலே இருக்கும், நீங்கள் சிறியதை மேலே வைக்க வேண்டும். H2-இலிருந்து இப்படி:

```
H     I
0     E2
21    E1
33    D
41    C2
51    C1
61    B2
71    B1
81    A2
91    A1
```

இந்த வரிசை ஏன் முக்கியம் என்றால், VLOOKUP இங்கே ஒவ்வொரு வரியாகத் தேடாது. அகராதியில் சொல் தேடுகிற மாதிரி நடுவில் திறந்து, மேலே போவதா கீழே போவதா என்று பார்க்கும். போட்டோவில் உள்ளபடியே 91-ஐ மேலே வைத்துவிட்டால், எக்செலில் 51-க்கு மேல் வாங்கியவர்களுக்கெல்லாம் E2 வரும், அதற்குக் கீழே வாங்கியவர்களுக்கு #N/A வரும். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு E2 வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், அட்டவணை தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம்.

இனி மொத்தம். C-யில் வளரறி மதிப்பெண் 40-க்கு, D-யில் தொகுத்தறி தேர்வு 100-க்கு, அதை 60-க்குக் குறைத்துக் கூட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். E2-இல் இதைப் போடுங்கள்:

```
=IF(COUNT(C2:D2)=2,ROUND(C2+D2*0.6,0),"AB")
```

F2-இல் கிரேடு:

```
=IF(ISNUMBER(E2),VLOOKUP(E2,$H$2:$I$10,2,TRUE),"AB")
```

இதில் ROUND என்ற ஒரு சொல்லை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஒரு பையன் வளரறியில் 38, தேர்வில் 71 என்று வைத்துக்கொள்வோம். 71-ஐ 60-க்குக் குறைத்தால் 42.6, மொத்தம் 80.6. கட்டத்தில் புள்ளி தெரியாமல் வைத்திருந்தால் திரையில் 81 என்றுதான் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது 80.6. அது 81-ஐத் தொடவில்லை, ஆகவே B1 என்று வரும். அட்டவணைப்படி 81-க்கு A2. போட்டோவில் 80-க்கும் 81-க்கும் நடுவே உள்ள இடைவெளியை யாரும் கவனிப்பதில்லை, பின்னம் வந்தால் விழுவது அந்த இடைவெளியில்தான். திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கு நான் ஷீட் போட்டுக் கொடுத்தபோது இதைத்தான் தவறவிட்டேன். அச்சடித்துக் கொடுத்த பிறகு, ஒரு பிள்ளையின் அப்பா கார்டோடு வந்து, "81 போட்டிருக்கு, பக்கத்துல B1 இருக்கே?" என்று கேட்டார். அன்று மறுபடி அத்தனை கார்டும் அச்சடித்தோம்.

அரை மதிப்பெண்ணை மேலே ஏற்றுவதா விட்டுவிடுவதா என்பது பள்ளியின் முடிவு. ROUND அரையையும் அதற்கு மேலானதையும் ஏற்றும். பின்னத்தை அப்படியே விடுவது உங்கள் பள்ளி வழக்கம் என்றால் அந்த இடத்தில் ROUNDDOWN போடுங்கள். தலைமை ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

COUNT எதற்கு என்றால், தேர்வுக்கு வராத பிள்ளைக்காக. காலியாக விட்ட கட்டத்தை எக்செல் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, வளரறி மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஒரு கிரேடைப் போட்டுவிடும். இரண்டு கட்டத்திலும் எண் இருந்தால்தான் கணக்குப் போடு என்கிறோம், இல்லையென்றால் AB.

அப்புறம் டாலர் குறி. அது இல்லாமல் கீழே இழுத்தால் அட்டவணையும் கூடவே இறங்கும். இரண்டாவது பிள்ளைக்கு அட்டவணை 21-இலிருந்துதான் தொடங்கும், நாலாவது பிள்ளைக்கு 41-இலிருந்து. நிறைய வாங்கியவர்களுக்குச் சரியாகவே வரும், அதனால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. குறைவாக வாங்கியவர்களுக்கு மட்டும் ஆங்காங்கே #N/A வரும். பத்தாவது பிள்ளையிலிருந்து எல்லோருக்குமே #N/A.

முடித்ததும், கார்டுக்குப் போகுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். காலியான K பத்தியில் K2-இலிருந்து 0, 20, 21, 32, 33, 40 என்று ஒவ்வொரு எல்லையையும் 100 வரை அடியுங்கள். மொத்தம் 18 எண் வரும். L2-இல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=VLOOKUP(K2,$H$2:$I$10,2,TRUE)
```

போனில் போட்டோவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். 32-க்கு E1, 33-க்கு D என்று வர வேண்டும். கையால் அடித்ததில் 33-க்குப் பதில் 31 என்று விழுந்திருந்தால் இங்கேதான் பிடிபடும், நடுவில் உள்ள 55, 75 மாதிரி எண்களை வைத்துப் பார்த்தால் பிடிபடாது.

இந்தச் சோதனையும் பிடிக்காத தவறு ஒன்று உண்டு. 71 அடிக்கும்போது கை தவறி 711 என்று விழுந்தால், ஃபார்முலா எந்தத் தயக்கமும் இல்லாமல் A1 கொடுக்கும், 91-க்கு மேல் எது வந்தாலும் அதற்கு A1தான். அதனால் மதிப்பெண் அடிக்கும் முன்பே Data Validation-இல் C பத்திக்கு 0 முதல் 40, D பத்திக்கு 0 முதல் 100 என்று எல்லை போட்டுவிடுங்கள்.