சுருக்கத்தை மட்டும் படித்து மேற்கோள் காட்டலாமா?

"ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்து மேற்கோள் காட்டினால் என்ன ஆபத்து? முதலில் எதைப் படிப்பது?"

சுருக்கத்தில் பொய் இருக்க வேண்டியதில்லை; எதை முன்னால் நிறுத்துகிறார்கள் என்பதில்தான் வம்பு. 2010இல் வெளியான ஓர் ஆய்வு, முதன்மை விளைவில், அதாவது சோதனை முக்கியமாக அளக்க நினைத்த விஷயத்தில், தெளிவான வித்தியாசம் கிடைக்காத 72 மருத்துவச் சோதனைக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தது. 42 கட்டுரைகளின் சுருக்கத்தில், முடிவுரை சிகிச்சையைச் சாதகமாகக் காட்டும்படி திரிந்திருந்தது.

வலி குறைகிறதா என்று பார்க்க ஒரு சோதனை நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலி குறையவில்லை, தூக்கம் மட்டும் கொஞ்சம் தேவலை. சுருக்கமோ தூக்கத்தைப் பற்றியே பேசும். நீங்களும் "மருந்து பலன் தருகிறது" என்று எழுதிவிடுவீர்கள்.

அதனால் முதலில் முறைகள் பகுதியில் முதன்மை விளைவு எது என்று பாருங்கள். அப்புறம் முடிவு அட்டவணையில் அதே வரியைத் தேடுங்கள். சுருக்கம் அந்த வரியைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் முழுக் கட்டுரையையும் படித்துத்தான் ஆக வேண்டும்.