1 சதவீத அபராதம் என்றால் வெறும் 1 சதவீதம்தானா?

கேள்வி: 5 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு 3 வருட எஃப்.டி.யில் போட்டு 2 வருடம் முடிந்துவிட்டது. இப்போது 3 லட்சம் தேவை. 4 மாதத்தில் வேறு பணம் வந்துவிடும். எஃப்.டி.யை உடைத்தால் 1 சதவீதம்தான் அபராதமாம், அதன் மேல் கடன் வாங்கினால் 9 சதவீத வட்டியாம். உடைத்துவிடலாமா?

பதில்: உடைக்க வேண்டாம், கடனே வாங்குங்கள்.

உடைத்தால் பெரும்பாலான வங்கிகள் 7-லிருந்து 1-ஐக் கழிப்பதில்லை. நீங்கள் பணம் போட்ட அன்று 2 வருட எஃப்.டி.க்கு என்ன வட்டி இருந்ததோ, அதிலிருந்துதான் கழிப்பார்கள். அது 6.5 என்று வையுங்கள். 1 போனால் 5.5. ஆக, முழு 5 லட்சத்துக்கும் கடந்த 2 வருடத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஒன்றரை சதவீதம் போகிறது. கூட்டு வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தாலே 15,000. மாதாமாதம் வட்டியைக் கையில் வாங்கியவராக இருந்தால், கூடுதலாகக் கொடுத்துவிட்டதை அசலில் பிடித்துக்கொள்வார்கள். அசலே குறைந்து வருவதைப் பார்த்துப் பதறியவர்கள் நிறைய.

கடன் வாங்கினாலோ 3 லட்சத்துக்கு 4 மாத வட்டி 9,000. ஆனால் அதே 3 லட்சம் எஃப்.டி.யில் இருந்தபடியே 7,000 ஈட்டுகிறது. கைவிட்டுப் போவது 2,000 மட்டும், அதாவது மாதம் 500.

எஃப்.டி. போட்டு 3 மாதமே ஆகியிருந்தால் கதை வேறு. அப்போது 3 மாத எஃப்.டி.க்கான வட்டி 4.5 என்று வையுங்கள், அதில் 1 போய் 3.5 கிடைக்கும். இழப்பு பாதிக்குப் பாதி என்றாலும், நடந்திருப்பது 3 மாதம்தானே? மொத்தமே சுமார் 4,400. கடனுக்கு மாதம் 500 வீதம் போனால் ஒன்பதாவது மாதத்தில் அதைத் தாண்டிவிடும். எனவே புதிய எஃப்.டி.யாக இருந்து, பணம் ஒன்றிரண்டு வருடத்துக்குத் தேவைப்பட்டால் உடைப்பதே சரி. 4 மாதத்துக்கு என்றால் அப்போதும் கடன்தான் லாபம்.

இதில் எனக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. கவுன்டரில் "1 பர்சென்ட்தான் சார்" என்று சொல்லி உடைக்க வைத்துவிட்டு, மீதி 2 லட்சத்தை இன்ஷூரன்ஸ் பாலிசியில் போடச் சொல்லிப் படிவத்தை நீட்டுவார்கள். அப்புறம், எஃப்.டி. கடன் கிடைக்க நாளாகும் என்று பயமுறுத்தி, கட்டணமும் அதிக வட்டியும் உள்ள தனிநபர் கடனுக்கு இழுக்கும் ஏஜென்ட்டுகளும் இருக்கிறார்கள். எஃப்.டி. அந்த வங்கியிலேயே அடமானமாக இருக்கும்போது இடையில் ஆள் எதற்கு? கையெழுத்துப் போடாதீர்கள்.

முடிந்த காலத்துக்கான வட்டி எவ்வளவு என்பதை ரசீதில் அச்சிட ஒரு வரி போதும். அதைக்கூடச் செய்யாமல் வாடிக்கையாளரை அலைய விடுகிறார்கள். அதனால் நீங்களே கேளுங்கள்: "இன்றைக்கு மூடினால் கைக்கு எவ்வளவு வரும்?" சதவீதமாகச் சொன்னால் விடாதீர்கள், தொகையாக எழுதி வாங்குங்கள். கடனை ஓவர்டிராஃப்டாகக் கேட்டால், எடுத்த தொகைக்கு எடுத்த நாட்களுக்கு மட்டுமே வட்டி.