பின்படிக்குப் பூட்டு, நோட்டீஸ் எனக்கு: தீயணைப்புச் சான்று இல்லாத கட்டடத்தில் பொறுப்பு யாருக்கு?

கேள்வி: மார்த்தாண்டத்தில் தரைத்தளமும் நான்கு மாடியும் உள்ள வணிகக் கட்டடத்தில் இரண்டாவது, மூன்றாவது மாடியை வாடகைக்கு எடுத்து ரெடிமேட் கடை நடத்துகிறேன். பதினொரு பெண்கள் வேலை செய்கிறார்கள். கட்டடத்துக்கு இரண்டு படி உண்டு. பின்படியைப் பூட்டி, கீழே செருப்புக்கடைக்காரருக்கு குடோனாகக் கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் தீயணைப்பு அலுவலர் வந்து பார்த்துவிட்டு, சான்று இல்லை, 15 நாளில் சரிசெய்ய வேண்டும் என்று என் பெயருக்கும் நோட்டீஸ் கொடுத்தார். உரிமையாளர் துபாயில். பவர் வைத்திருக்கும் அவருடைய மச்சான், "எல்லா லைசென்சும் வாடகைதாரர் பொறுப்பு என்று அக்ரிமெண்டில் இருக்கிறது, இது உயரக் கட்டடமும் இல்லை" என்கிறார். நாளை ஏதாவது நடந்தால் உள்ளே போவது யார்? வாடகையைப் பிடித்து வைக்கலாமா?

பதில்: சகோதரி, உரிமையாளரின் பவர் ஏஜென்டான அந்த மச்சான் இரண்டு வேறு காகிதங்களை ஒன்றாக்கிப் பேசுகிறார். முதலில் அவற்றைப் பிரித்துவிடுவோம்.

ஒன்று, கட்டடத்துக்கான தடையில்லாச் சான்று. படிக்கட்டு எத்தனை, எவ்வளவு அகலம், தீயணைப்பு வண்டி உள்ளே வர வழி இருக்கிறதா, தொட்டியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் இதில் வரும். வரைபட அனுமதி வாங்கும்போதும் கட்டி முடித்த பிறகும் எழுகிற விஷயம் இது. கட்டியவர்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். மற்றது, அந்த இடத்தில் தொழில் நடத்துவதற்கான தீயணைப்பு உரிமம். தேதி போட்டு வரும், புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். தீயணைப்பான்கள், ஒயரிங், நடைவழியில் அடைப்பு இல்லாமை போன்ற அன்றாட விஷயங்கள் இதில் பார்க்கப்படும். இங்கே நடத்துபவரும் வருகிறார். 1985 ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணி சட்டம் உரிமையாளர், அனுபோகதாரர் இருவரையும் பார்த்துப் பேசுகிறது. உங்கள் பெயருக்கு நோட்டீஸ் வந்ததில் தவறு இல்லை. உங்கள் பெயருக்கு மட்டும் வந்திருந்தால்தான் தவறு.

"எல்லா லைசென்சும் வாடகைதாரர் பொறுப்பு" என்ற வரி, உங்கள் தொழிலுக்கான லைசென்சுகளைப் பற்றியது என்றுதான் நான் வாதாடுவேன். இன்னொருவர் சாவி வைத்திருக்கும் படிக்கட்டை நீங்கள் திறந்து காட்ட வேண்டும் என்ற அர்த்தத்தை அதற்குள் திணிக்க முடியாது. அதைவிட முக்கியமான ஒன்று: அக்ரிமெண்ட் கையெழுத்துப் போட்ட இருவரை மட்டுமே கட்டும். தீயணைப்பு அலுவலரையோ, விபத்தில் மகளை இழந்த ஒரு குடும்பத்தையோ அது கட்டாது. அவர்களிடம் உரிமையாளரும் நீங்களும் தனித்தனியாகத்தான் பதில் சொல்ல வேண்டும். பிறகு ஒருவர் மற்றவரிடம் வசூலித்துக்கொள்வது வேறு வழக்கு.

அப்புறம் இந்த "உயரக் கட்டடம் இல்லை" கதை. தமிழ்நாட்டின் 2019 ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால் உயரக் கட்டடம். 2016 தேசியக் கட்டட நெறிமுறையில் 15 மீட்டரிலேயே அந்தப் பெயர் வந்துவிடும். தரையும் நான்கு மாடியும், தளத்துக்கு மூன்றரை மீட்டர் என்று வைத்தால் 17.5 மீட்டர். ஒரு கணக்கில் உள்ளே, ஒரு கணக்கில் வெளியே. இந்த இடைவெளியில்தான் நம் மாவட்டத்துப் பல கட்டடங்கள் நிற்கின்றன என்பது என் சந்தேகம். மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு சரக்கு வைத்திருந்தால் அளவும் மாறலாம். ஆனால் இந்தச் சண்டை உங்களுக்குத் தேவையே இல்லை. 18.30 என்ற கோடு எந்தப் பட்டியல் விதிகள் பொருந்தும், எந்த நிலை அதிகாரியிடம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். அதற்குக் கீழே இருக்கும் வணிகக் கட்டடத்தில் படியைப் பூட்டலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

இப்போது உள்ளே போவது யார் என்ற கேள்வி. இதற்கு நீதிமன்றம் எப்படி யோசிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள, தில்லி உப்ஹார் தியேட்டர் வழக்கைவிட நல்ல பாடம் கிடையாது. 1997 ஜூன் 13 அன்று பிற்பகல் காட்சியின்போது தீ. 59 பேர் இறந்தார்கள். தீ தொடங்கிய இடம் தரைத்தளத்தில் கார்கள் நிற்கும் பகுதியில் மின்வாரியம் வைத்திருந்த டிரான்ஸ்பார்மர். அன்று காலையிலேயே அதில் ஒரு தீ ஏற்பட்டு, அரைகுறையாகப் பழுதுபார்த்து மின்சாரம் கொடுத்திருந்தார்கள். மாலையில் கேபிள் தளர்ந்து பொறி பறந்து, எண்ணெய் கசிந்து, கார்களுக்குப் பரவியது. ஆனால் உயிர்களைப் பறித்தது புகை. பால்கனியில் கூடுதல் இருக்கைகளைப் போட்டு வலது பக்க நடைவழியை அடைத்திருந்தார்கள். வெளியேறும் வழி ஒன்றும் மறைக்கப்பட்டிருந்தது.

2011 இல் உச்ச நீதிமன்றம் நட்டஈட்டைப் பங்கிட்டது. தியேட்டர் நடத்தியவர்களுக்கு 85 சதவீதம், மின்வாரியத்துக்கு 15 சதவீதம். தீயைத் தொடங்கியது மின்வாரியத்தின் கருவி, ஆனாலும் பங்கு 15 தான். ஏனென்றால் தீ வந்தபிறகு ஆட்கள் வெளியேற முடியாமல் போனதற்குக் காரணம் வேறொருவர். உங்கள் கட்டடத்திலும் ஒயரில் பொறி பறந்தது யாருடைய ஒயர் என்று மட்டும் நீதிமன்றம் கேட்காது. பின்படியின் சாவி யாரிடம் இருந்தது என்றும் கேட்கும்.

அதே தீர்ப்பில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. மாநகராட்சியும் லைசென்ஸ் கொடுத்த அதிகாரியும் நட்டஈட்டுப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். சட்டம் கொடுத்த அதிகாரத்தைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பதற்காக மட்டும், கெட்ட நோக்கம் போன்ற வேறு காரணம் இல்லாமல், அவர்களைப் பணம் கட்ட வைக்க முடியாது என்றது நீதிமன்றம். (எனக்கு இந்தப் பகுதியில் உடன்பாடு இல்லை. ஆனால் சட்டம் அதுதான்.) குற்ற வழக்கு வேறு: 2024 மே மாதம் ராஜ்கோட்டில் தீயணைப்புச் சான்றே இல்லாமல் நடந்த விளையாட்டு மையம் எரிந்தபோது மாநகராட்சி அதிகாரிகளும் கைதானார்கள். எப்படியானாலும், "அதிகாரி வந்து பார்த்துவிட்டுத்தானே போனார்" என்பதை உங்கள் பக்க வாதமாக நம்பி இருக்காதீர்கள்.

இதை உங்கள் கட்டடத்தின் மேல் வைத்துப் பார்ப்போம். பின்படியை அடைத்ததற்கு உரிமையாளர், அதை நடைமுறையில் செய்த பவர் ஏஜென்ட், சரக்கை அடுக்கிய செருப்புக்கடைக்காரர் மூவரும் வருவார்கள். துபாயில் இருப்பது உரிமையாளரைக் காப்பாற்றாது. வெறும் ஏஜென்ட்தானே என்பது மச்சானையும் காப்பாற்றாது. கட்டடம் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது என்பதுதான் கேள்வி. உங்கள் தளத்துக்குள் நீங்கள் வருவீர்கள். முன்படி வாசலில் பொம்மையும் பெட்டியும் வைத்திருந்தால், ஒரே பிளக்கில் நான்கு அயர்ன்பாக்ஸ் ஓடினால், தீயணைப்பானின் முள் பச்சையில் இல்லாமல் சிவப்பில் நின்றால், அதற்கு வேறு யாரையும் காட்ட முடியாது. உங்கள் பதினொரு பெண்கள் விஷயத்தில் இன்னும் கடுமை: வேலையின்போது விபத்தில் தொழிலாளி பாதிக்கப்பட்டால், தவறு யாருடையது என்று பார்க்காமலே முதலாளி மேல் இழப்பீட்டுப் பொறுப்பு வரும். இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்திருந்தால் அந்தச் சுமை அங்கே போகும். செய்யவில்லை என்றால் இந்த வாரமே பாருங்கள்.

கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106 படி ஐந்து ஆண்டு வரை சிறை. ஆனால் ஒருவருக்கு ஆபத்து தெரிந்திருந்தும் விட்டார் என்று காட்ட முடிந்தால், போலீஸ் அதைவிடக் கனமான பிரிவு 105 ஐயும் போடப் பார்க்கும். அதனால்தான் அந்த நோட்டீஸ் முக்கியம். அது வந்த தேதிக்குப் பிறகு உங்களுக்கோ உரிமையாளருக்கோ "தெரியாது" என்ற பதில் இல்லை.

சரி, என்ன செய்வது? கெடு முடிவதற்குள் தீயணைப்பு அலுவலகத்துக்கு எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். உங்கள் தளத்தில் சரிசெய்தவை இவை, பின்படி என் கட்டுப்பாட்டில் இல்லை, சாவி இன்னாரிடம் என்று சொல்லி, பூட்டின் படத்தை இணையுங்கள். அதே நாளில் உரிமையாளருக்கும் ஏஜென்டுக்கும் தனித்தனியே ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். துபாய் முகவரி தெரியாவிட்டால் அக்ரிமெண்டில் உள்ள முகவரிக்கு அனுப்பி, வாட்ஸ்அப்பிலும் படம் போடுங்கள். வாய்ப்பேச்சாக மச்சானிடம் சொன்னது எதற்கும் உதவாது.

அடுத்து, அனுமதி பெற்ற வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் குழித்துறை நகராட்சியிடம் கேளுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். வரைபடத்தில் பின்படி இருந்தால் உங்கள் கை ஓங்கிவிடும். அதைக் குடோனாக்கியது அனுமதிக்கு மாறான உபயோகம், நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் நடவடிக்கைக்கு உரியது. கெடுவுக்குள் திறக்கவில்லை என்றால் குழித்துறை நீதிமன்றத்தில் தடையை அகற்றச் சொல்லி உத்தரவு கேட்கலாம். வரைபடத்திலேயே ஒரே படி என்றால் நிலைமை வேறு. அப்போது கட்டடத்துக்கு ஒழுங்கான சான்று கிடைப்பதே கஷ்டம். அந்தக் குறையை உங்களிடம் மறைத்து வாடகைக்கு விட்டார் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டம் பிரிவு 108 ஐக் காட்டி, அட்வான்ஸைத் திரும்பக் கேட்டு வெளியேறுவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

வாடகையைப் பிடித்து வைக்காதீர்கள். உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பை, அவருக்கு அறிவித்தும் செய்யாதபோது நீங்களே செய்து வாடகையில் கழிக்க அதே பிரிவு 108 இடம் தருகிறது. பூட்டைத் திறப்பது அந்த வகைப் பழுது அல்ல. இரண்டு மாத வாடகை நின்றால், 2017 ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் கீழ் வெளியேற்றும் வழக்குக்கு நீங்களே காரணம் கொடுத்தவர் ஆவீர்கள். வங்கி வழியாகக் கட்டி, ரசீது வையுங்கள்.

காப்பீட்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உரிமையாளரின் பாலிசி கட்டடத்துக்கானது, உங்கள் துணிக்கு அதில் ஒன்றும் இல்லை. உங்கள் பாலிசி விண்ணப்பத்தில் தீயணைப்பு உரிமம் பற்றிய கேள்விக்குக் காப்பீட்டு ஏஜென்ட் "ஆம்" என்று டிக் போட்டிருந்தால், இப்போதே எழுதித் திருத்துங்கள். தீ வந்தபிறகு சர்வேயர் முதலில் எடுப்பது அந்தத் தாளைத்தான்.