ஒட்டிவைத்த படகு புல்லுக்குப் பின்னால் போக என்ன செய்யலாம்?

கேள்வி: எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் எடுத்த போட்டோவுல, மணல்மேல ஒரு ஃபைபர் படகு சேர்த்திருக்கேன். முன்னாடி கோரைப்புல்லும் இரும்புக் கம்பித் தடுப்பும் இருக்கு. மாஸ்க் போட்டுப் புல்லை முன்னாடி கொண்டுவந்தாலும் படகு ஒட்டவெச்ச மாதிரியே தெரியுது, புல் ஓரமெல்லாம் வெள்ளையா ஒரு கோடு. ஃபோட்டோஷாப்தான் பயன்படுத்துறேன். எங்கே தப்பு?

பதில்:

இதில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. ஒட்டவைத்த மாதிரித் தெரிவதற்கும் வெள்ளைக் கோட்டுக்கும் காரணம் ஒன்றல்ல. முதலாவது, எந்தப் புல் முன்னால், எது பின்னால் என்று முடிவெடுக்காமலே மாஸ்க் போடுவது. பெரும்பாலும் எல்லாப் புல்லையும் படகுக்கு முன்னால் இழுத்துவிடுகிறோம். நிஜத்தில் படகைச் சுற்றித்தான் புல் நிற்கும். கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால்.

இதைப் பிரிக்க எளிய அளவுகோல் உண்டு. தரை சமமாக இருந்து, கேமரா நின்ற உயரத்திலிருந்து எடுத்த படம் என்றால், எந்தப் பொருளின் அடி படத்தில் கீழே இருக்கிறதோ அதுதான் நமக்கு அருகில் இருக்கிறது. படகின் அடி மணலைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வேர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் புல் முன்னால் வரும். வேர் மேலே இருந்தால் அந்தப் புல் படகுக்குப் பின்னால் மறைந்துபோக வேண்டியது. நுனி எவ்வளவு உயரம் போகிறது என்பது கணக்கில் வராது, வேரை மட்டும் பாருங்கள். கம்பித் தடுப்புக்கும் அப்படித்தான்: தூண் மண்ணில் இறங்கும் இடத்தைப் பாருங்கள். ஒருவேளை படகின் அடி தூணின் அடியைவிடக் கீழே வந்துவிட்டால், மாஸ்க் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கண் நம்பாது. அப்போது படகைத்தான் மேலே நகர்த்திச் சற்றுச் சிறிதாக்க வேண்டும்.

அடுத்தது லேயர் அமைப்பு. படகை அதன் பின்னணியிலிருந்து வெட்டியெடுத்த மாஸ்க் படகு லேயரிலேயே இருக்கட்டும். படகையும் அதன் நிழலையும் ஒரு குரூப்பில் போட்டு, மறைப்பு மாஸ்க்கை அந்தக் குரூப்பின்மேல் வையுங்கள். குரூப்புக்குள் இருக்கும் படகையும் நிழலையும் மட்டும் தேர்ந்தெடுத்து நகர்த்தினால் படகு நகரும், புல்லும் கம்பியும் இருந்த இடத்திலேயே நிற்கும். இரண்டு வேலையையும் ஒரே மாஸ்க்கில் திணித்தால், படகை ஒரு அங்குலம் தள்ளியதும் எல்லாம் பாழ்.

கம்பியில் நேரத்தை வீணாக்க வேண்டாம். பெயிண்ட் அடித்த குழாயில் ஒரு பக்கம் பளபளப்பும் மறுபக்கம் துருவும் இருக்கும். தானியங்கித் தேர்வு அங்கே தடுமாறும். பென் டூலால் நேர்கோட்டுப் பாதை வரைந்து, தேர்வாக மாற்றி, குரூப் மாஸ்க்கில் கறுப்பு நிரப்பினால் ஐந்து நிமிட வேலை. ஒன்று மட்டும் கவனியுங்கள். அசல் படத்தில் கம்பியின் ஓரம் எத்தனை பிக்சலில் மங்குகிறது என்று 400 சதவீதத்தில் பெரிதாக்கி எண்ணுங்கள். 5 பிக்சல் என்றால், தேர்வு இருக்கும்போதே அதைக் கொஞ்சம் அகலப்படுத்தி, மாஸ்க்கின் அந்தப் பகுதிக்கு மட்டும் Gaussian Blur 2 கொடுங்கள். மங்கும் அகலத்தை இரண்டரையால் வகுத்தால் ஏறக்குறைய அந்த ஆரம் கிடைக்கும். ஃபோகஸ் தப்பிய கம்பிக்குக் கத்தியால் அறுத்தது போன்ற ஓரம் இருந்தால், காகிதத்தில் வெட்டி ஒட்டியது போலவே தெரியும்.

புல்லைக் கையால் வரையாதீர்கள். மாஸ்க் ஏற்கெனவே உங்கள் படத்துக்குள்ளேயே இருக்கிறது. Channels பேனலில் மூன்று சேனல்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். வானமோ வானம் பிரதிபலிக்கும் நீரோ பின்னால் இருக்கும் இடத்தில், நீலச் சேனலில் புல் கறுத்தும் பின்னணி வெளுத்தும் இருக்கும். மணல் பின்னால் இருக்கும் இடத்தில் நீலம் உதவாது, மணலும் அங்கே மங்கலாகிவிடும். சிவப்புச் சேனல்தான் புல்லைப் பிரித்துக் காட்டும். ஆகவே மேல்பாதிக்கு நீலம், கீழ்பாதிக்குச் சிவப்பு என்று இரண்டையும் நகலெடுத்து ஒரே சேனலில் சேருங்கள். காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடக்கும் புல்லுக்கு மணலின் மேல் எந்தச் சேனலும் கைகொடுக்காது, அந்தச் சிலவற்றைச் சின்னப் பிரஷ்ஷால்தான் போட வேண்டும். செல்போன் ஜேபெக்கில் இன்னொரு தொல்லை: நிற விவரம் பாதி நுணுக்கத்தில்தான் சேமிக்கப்படும் என்பதால் நீலச் சேனலின் ஓரம் படிக்கட்டு மாதிரி வரும். அப்படி வந்தால் பச்சைச் சேனலைப் பாருங்கள். வேறுபாடு குறைவுதான், ஆனால் ஓரம் சுத்தம்.

சேர்த்த சேனலில் Ctrl+L அழுத்தி Levels திறங்கள். புல் 40 முதல் 70 வரை, பின்னணி 190க்கு மேல் என்று வைத்துக்கொண்டால், கறுப்பு முனையை 75க்கும் வெள்ளை முனையை 185க்கும் கொண்டுவாருங்கள். நடு முனையைத் தொடாதீர்கள், புல் நுனிகளின் பாதிச் சாம்பல் அங்கேதான் உயிரோடு இருக்கிறது. இரண்டு முனைகளையும் நெருக்கிக்கொண்டே போனால் மாஸ்க் பளிச்சென்று ஆகும், நுனிகள் மட்டும் ஒடிந்து விழும். பிறகு, வேர் கோட்டுக்கு மேலே இருக்கும் புல்லை எல்லாம் இந்தச் சேனலில் வெள்ளையால் அழியுங்கள். இப்போது புல் கறுப்பு, மற்றது வெள்ளை. சேனலின் சிறுபடத்தை Ctrl+சொடுக்கினால் வெள்ளைப் பகுதி தேர்வாகும்.

இந்தத் தேர்வை நேராகக் குரூப் மாஸ்க்கில் போடுவதுதான் எல்லோரும் செய்வது. நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். வெள்ளைக் கோடு அங்கேதான் பிறக்கிறது.

புல்லின் ஓரத்தில் இருக்கும் ஒரு பிக்சல் முழுப் புல் அல்ல. பாதி புல், பாதி அப்போது பின்னால் இருந்த நீர். புல்லின் வெளிச்ச அளவு 50, நீர் 200 என்றால் அந்தப் பிக்சல் ஏறக்குறைய 125. மாஸ்க் அங்கே பாதிச் சாம்பல், ஆகவே பாதி படகும் பாதி அசல் பிக்சலும் கலக்கும். படகின் அளவு 60 என்று வையுங்கள்:

```
வேண்டியது : 0.5×60 + 0.5×50  = 55
கிடைப்பது : 0.5×60 + 0.5×125 = 92.5
```

50க்கும் 60க்கும் நடுவில் 92. அதுதான் உங்கள் கோடு. மாஸ்க்கில் தப்பே இல்லை. அசல் பிக்சலுக்குள் பழைய நீரின் வெளிச்சம் ஒளிந்திருக்கிறது. வெளிர்நீலப் படகை வைத்திருந்தால் நீருக்கும் அதற்கும் வித்தியாசம் குறைவு, கோடு தெரிந்தே இருக்காது. கரும்பச்சையோ கருநீலமோ அடித்த படகில்தான் குட்டு வெளிப்படும். சுருக்கிவிடலாம் என்று மாஸ்க்கை ஒரு பிக்சல் உள்ளே தள்ளுவார்கள் சிலர். தடித்த தண்டுக்குச் சரி. இரண்டு மூன்று பிக்சல் அகலமே உள்ள கோரை நுனிக்கு உள்ளே என்று ஒன்று கிடையாது, முழுவதும் ஓரம்தான். சுருக்கினால் நுனி காணாமல் போகும்.

ஆகவே குரூப் மாஸ்க்கில் கம்பியை மட்டும் வையுங்கள். புல்லுக்கு வேறு வழி. பின்னணி லேயரை நகலெடுத்துக் குரூப்புக்குள் படகுக்கு நேர் மேலே வைத்து, Ctrl+Alt+G அழுத்திப் படகோடு கிளிப் செய்யுங்கள். இனி அது படகின் உருவத்துக்குள் மட்டும்தான் தெரியும். புல் சேனலைத் தேர்வாக ஏற்றி, இந்த நகலுக்கு மாஸ்க் பொத்தானை Alt அழுத்திச் சொடுக்கினால் தலைகீழாக விழும்: புல் தெரியும், மற்றது மறையும். கோடு இன்னும் போயிருக்காது, பதற வேண்டாம்.

இப்போது மாஸ்க்கை விட்டுப் படத்தின் சிறுபடத்தைத் தேர்ந்தெடுங்கள். குளோன் ஸ்டாம்ப் டூலை எடுத்து, அதன் Mode-ஐ Darken என்று மாற்றி, Sample-இல் Current Layer வையுங்கள். புல்லின் கறுத்த நடுப்பகுதியில் Alt அழுத்தி மாதிரி எடுத்து, அதே புல்லின் ஓரங்கள்மேல் தாராளமாக இழுங்கள். Darken என்பதால் ஏற்கெனவே இருண்ட இடம் மாறாது, வெளுத்த ஓரம் மட்டும் புல் நிறம் வாங்கும். கோட்டைத் தாண்டி நிறம் வழிந்தாலும் கவலையில்லை, உருவத்தை மாஸ்க் பார்த்துக்கொள்ளும். 125 இருந்த இடத்தில் 50 வந்ததும் மேலே உள்ள கணக்கு 55 கொடுக்கும். Select and Mask-இல் உள்ள Decontaminate Colors-உம் இதைத்தான் தானாகச் செய்யப் பார்க்கிறது. அடர்ந்த இலைக்கு அது போதும், மெல்லிய கோரையில் பக்கத்து மணலின் நிறத்தை வாரி எடுத்துக்கொள்கிறது. கை வழிதான் நம்பகம்.

வெயில் பட்டு மினுங்கும் புல்லாக இருந்து, பின்னால் இருந்தது நிழலான கரை என்றால் எல்லாம் தலைகீழ். அப்போது ஓரத்தில் கறுப்புக் கோடு வரும், ஸ்டாம்ப்பை Lighten-இல் வையுங்கள்.

நிழல் லேயருக்குப் புல் சேனலைத் தேர்வாக ஏற்றி, Alt அழுத்தாமல் சாதாரண மாஸ்க்காகப் போட்டால் போதும். நிழல் மெல்லியது, கோடு தெரியாது. போடாமல் விட்டால் முன்னால் நிற்கும் புல்லின்மேலும் படகின் நிழல் படர்ந்து, கஷ்டப்பட்டுப் பிரித்த ஆழம் மறுபடி தட்டையாகிவிடும்.

சரிபார்க்கப் படகு லேயருக்கு நேர் மேலே, புல் நகலுக்குக் கீழே, ஒரு Solid Color லேயரைக் கிளிப் செய்து முதலில் கறுப்பு, பிறகு வெள்ளை கொடுத்துப் பாருங்கள். கறுப்பில் விட்டுப்போன வெளுப்பு எல்லாம் துருத்திக்கொண்டு நிற்கும். வெள்ளையில், மாஸ்க்கில் தப்பித்த சாம்பல் அழுக்கு படகின் உடம்பில் திட்டுத்திட்டாகத் தெரியும். அந்தத் திட்டுகளை மாஸ்க்கில் பர்ன் டூலின் Shadows வரம்பில் ஒற்றினால் போய்விடும். பார்த்து முடித்ததும் அந்த லேயரை நீக்கிவிடுங்கள்.

கிம்ப் வைத்திருப்பவர்களுக்கும் 2.10 பதிப்பிலிருந்து குரூப்புக்கு மாஸ்க் போடலாம். குளோன் டூலில் Darken only இருக்கிறது. கிளிப் செய்வதற்குப் பதில், படகின் ஆல்ஃபாவைத் தேர்வாக எடுத்து அதற்கு வெளியே உள்ள மாஸ்க்கைக் கறுப்பாக்கினால் வேலை அதே.